வீட்டில் சாட் மாலை: 12 பேருக்கு, பூரி நமத்துப் போகாமல்

சாட்டில் அடுப்பு வேலை கொஞ்சம்தான். உருளைக்கிழங்கும் பட்டாணியும் வேக வேண்டும், ஒரு சட்னி கொதிக்க வேண்டும். மீதியெல்லாம் கடைசி நிமிடத்தில் சேர்ப்பதுதான். வீட்டு சாட் சொதப்புவதும் அந்தக் கடைசி நிமிடத்தில்தான். பானி ஊற்றிய பூரி அரை நிமிடம்கூடத் தாங்காது. தயிர் பூரி இரண்டு நிமிடம் தாங்கும். பேல் பூரி மூன்று, நான்கு நிமிடம். அதனால் எந்தப் பொருளை எப்போது தயார் செய்து வைப்பது, எந்த நேரத்தில் ஈரத்தையும் மொறுமொறுப்பையும் ஒன்று சேர்ப்பது என்ற இரண்டும் சரியாக இருந்தால் போதும், மற்றது தானாக அமைந்துவிடும்.

சென்னை மாதிரிக் காற்றில் ஈரம் உள்ள ஊரில், ஞாயிறு மாலை 6:30 மணிக்கு 12 பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் என்ன செய்வது என்று முடிவு செய்யுங்கள். பேல் பூரி, பானி பூரி, தயிர் பூரி, இந்த மூன்றே போதும். மூன்றுக்கும் அதே கிழங்கு, அதே சட்னிகள், அதே சேவ். ஆலு டிக்கி, சமோசா, பாவ் பாஜி எல்லாம் வேண்டாம். அவற்றில் ஒன்று சேர்ந்தாலும் பரிமாற வேண்டியவர் அடுப்படியில் மாட்டிக்கொள்வார், கூடத்தில் ஊற்றிய பானி யாருக்கும் காத்திருக்காது. சூடான ஐட்டம் என்று ஒன்று வேண்டுமென்றால் வெள்ளைப் பட்டாணி ரகடா இருக்கிறது. குக்கரிலேயே சூடாகக் கிடக்கும்.

இனி அளவு. பானி பூரியை ஒருவர் நான்கிலேயே நிறுத்துவார், இன்னொருவர் பன்னிரண்டைத் தாண்டுவார். சராசரியாக ஆளுக்கு 8 என்று போட்டால் 96 வரும். தயிர் பூரி ஆளுக்கு 4 என்றால் 48. மொத்தம் 144. பாக்கெட்டில் உடைந்தது, சப்பையானது என்று பத்தில் ஒன்றாவது கழியும், அதனால் 170 பூரி வாங்குங்கள். கழிந்தவை வீணாகாது, நொறுக்கிப் பேல் பூரியில் போட்டுவிடலாம். கிழங்கு 1 கிலோ, காய்ந்த வெள்ளைப் பட்டாணி 300 கிராம், பொரி 250 கிராம், சேவ் 400 கிராம், வெங்காயம் முக்கால் கிலோ, தக்காளி அரை கிலோ, கெட்டித் தயிர் 1 லிட்டர். சென்னையில் இருப்பவர்கள் சௌகார்பேட்டை தங்கசாலைத் தெருப் பக்கம் போனால் பூரியும் மெல்லிய சேவும் நல்லதாகக் கிடைக்கும். சேவுக்குப் பதில் ஓமப்பொடி போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். போடலாம், ஆனால் ஓமத்தின் வாசனை புதினாவை அமுக்கிவிடும். ஓமம் இல்லாத நைஸ் சேவ்தான் இதற்குப் பொருத்தம்.

சனிக்கிழமை இரவு செய்யக்கூடியவை இரண்டு சட்னிகளும் வறுத்த சீரகப் பொடியும். இனிப்புச் சட்னிக்கு 100 கிராம் புளியையும் கொட்டை நீக்கிய 150 கிராம் பேரீச்சம்பழத்தையும் 300 மில்லி வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து அரைத்து, இன்னொரு 300 மில்லி தண்ணீர் சேர்த்து வடிகட்டுங்கள். வடிகட்டும்போது சோம்பல் பார்க்கக் கூடாது. புளி நார் ஒன்று வாயில் மாட்டினால் ஒரு பூரியே வீண். இதில் 200 கிராம் வெல்லம் போட்டு, சிறுதீயில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் கொதிக்க விட்டு, ஒரு தேக்கரண்டி மிளகாய்த்தூள், அரை தேக்கரண்டி சுக்குப் பொடி, ஒரு தேக்கரண்டி சீரகப் பொடி சேர்த்து இறக்குங்கள். கறுப்பு உப்பை மட்டும் இறக்கிய பிறகு போடுங்கள். அதன் கந்தக வாசனைதான் சாட்டுக்கு அடையாளம், கொதித்தால் அது பறந்துவிடும். கடையில் இந்துப்பைக் கொடுத்து அனுப்பிவிடுவதும் உண்டு. முகர்ந்து பார்த்து வாங்குங்கள். இந்துப்பில் அந்த வாசனை இருக்காது.

இந்தச் சட்னி ஆறும்போது கெட்டிப்படும். அடுப்பில் இருக்கும்போதே தோசை மாவுப் பதத்துக்கு வந்துவிட்டால் மறுநாள் அல்வா மாதிரி நிற்கும். கரண்டியின் பின்புறத்தில் மெல்லிய படலமாக ஒட்டும்போதே இறக்கிவிடுங்கள், ஆறியதும் சரியான பதத்தில் இருக்கும். காரச் சட்னி எளிது. 15 காஷ்மீரி மிளகாயை வெந்நீரில் ஊறவைத்து, 12 பல் பூண்டு, உப்பு, ஒரு எலுமிச்சையின் சாறு சேர்த்து மையாக அரைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள். மூன்று நாளுக்கு மேல் வைத்திருக்க வேண்டாம்.

ஞாயிறு காலை 7 மணிக்குப் பட்டாணியை ஊறப்போடுங்கள். முந்தைய இரவே போட்டால் வெயில் காலத்தில் நுரை கட்டிப் புளித்த வாடை வந்துவிடும். எட்டு மணி நேரம் போதும், நடுவில் ஒரு முறை தண்ணீர் மாற்றினால் நல்லது. ஊறவைக்கவும் வேகவைக்கவும் கேன் தண்ணீரையே எடுங்கள். போர் தண்ணீரில் கால்சியம் அதிகம். அது பட்டாணித் தோலை இறுக்கிவிடும். பத்து விசில் விட்டாலும் தோல் வாயில் தனியாக நிற்பது அதனால்தான். பட்டாணி பழையதாக இருந்தாலும் இதே தொல்லை வரும். அப்போது ஊறும் தண்ணீரில் கால் தேக்கரண்டி ஆப்ப சோடா போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீரில் வேகவையுங்கள். குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. பட்டாணி நுரை வெயிட் துளையை அடைத்துவிடும், அதனால் மூடும் முன் ஒரு கொதி விட்டு நுரையை எடுத்துவிட்டு, சில சொட்டு எண்ணெய் விடுங்கள். மஞ்சள், பெருங்காயம், நசுக்கிய இஞ்சி, உப்பு போட்டு நான்கைந்து விசில். புளி, எலுமிச்சை எதுவும் வேகும் முன் போகக் கூடாது. புளிப்பு பட்டால் பட்டாணி வேகாமல் முரண்டு பிடிக்கும்.

வெந்தபின் ஒரு பட்டாணியை விரலால் அழுத்துங்கள். தோலோடு சேர்ந்து வெண்ணெயாக மசிய வேண்டும். மூன்றில் ஒரு பங்கை மசித்துவிட்டு மீதியை முழுதாக விடுங்கள். ஆற ஆற இறுகும், பரிமாறும் நேரத்தில் ஒரு கப் வெந்நீர் ஊற்றி இளக்க வேண்டி வரும்.

காலை 10 மணிக்கு பானி. இதை 2½ லிட்டராக அப்படியே கரைத்து வைப்பதைவிட, அரை லிட்டர் அடர்த்தியான கரைசலாகச் செய்து வைப்பது நல்லது. ஃபிரிட்ஜில் இடமும் மிச்சம், சுவையைக் கடைசியில் திருத்தவும் முடியும். இரண்டு கப் அழுத்தி அளந்த புதினா இலை, ஒரு கப் கொத்தமல்லி இளந்தண்டோடு, 6 பச்சை மிளகாய், ஒரு அங்குல இஞ்சி, எலுமிச்சை அளவு புளியின் கரைசல், ஐந்தாறு ஐஸ் கட்டி சேர்த்து மிக்சியில் விட்டு விட்டு அரையுங்கள். தொடர்ந்து ஓடவிட்டால் ஜார் சூடாகிப் புதினா கறுத்துக் கசந்துவிடும். புதினாத் தண்டையும் சேர்க்காதீர்கள், கசப்பு அதில்தான் அதிகம். அரைத்ததில் இரண்டு தேக்கரண்டி கறுப்பு உப்பு, இரண்டு தேக்கரண்டி சீரகப் பொடி, இரண்டு தேக்கரண்டி சாட் மசாலா, கால் தேக்கரண்டி பெருங்காயம் கலந்து நான்கு மணி நேரம் ஃபிரிட்ஜில் விட்டு, பிறகு வடிகட்டுங்கள். அரைத்த உடனே குடித்துப் பார்த்தால் பச்சை வாடை அடிக்கும். அந்த நான்கு மணி நேரத்தில் அது அடங்கிவிடும்.

பரிமாறும் முன் இந்தக் கரைசலில் சேர்க்கும் தண்ணீர் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீராகவோ கேன் தண்ணீராகவோ இருக்கட்டும். ஐஸும் அதே தண்ணீரில் உறைந்ததாக இருக்க வேண்டும். வெறும் ஐஸ் போட்டால் அது உருக உருக பானி சப்பென்று ஆகும். கலந்த பானியில் ஒரு பகுதியையே ஐஸ் டிரேயில் உறைய வைத்து அதைப் போட்டால் கடைசிப் பூரி வரை ஒரே ருசி. உப்பு, புளிப்பு சரியா என்று பார்க்கும்போது கரண்டியில் ஊற்றிக் குடித்துப் பார்ப்பதில் பயனில்லை. கிழங்கு வைத்த ஒரு பூரியில் ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். பூரிக்கும் கிழங்குக்கும் ருசி குறைவு. தனியாகக் குடிக்கும்போது ‘கொஞ்சம் தூக்கல்’ என்று தோன்றும் பானிதான் பூரிக்குள் சரியாக இருக்கும்.

தயிரைப் பிற்பகலில் மெல்லிய துணியில் கட்டி, ஃபிரிட்ஜுக்குள் ஒரு பாத்திரத்தின் மேல் அரை மணி நேரம் வடியவிட்டு, மூன்று மேசைக்கரண்டி பொடித்த சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டு அடித்து வையுங்கள். முந்தின நாள் தயிர் வேண்டாம், சர்க்கரையால் அந்தப் புளிப்பை மறைக்க முடியாது.

கிழங்கை 3 மணிக்குத் தோலோடு முழுதாக வேகவையுங்கள். வெட்டி வேகவைத்தால் தண்ணீர் குடித்துச் சொதசொதவென்று ஆகும், அந்த ஈரமே பூரியை உள்ளிருந்து கெடுக்கும். தோல் உரித்ததும் தட்டில் பரப்பி நன்றாக ஆறவிடுங்கள். சூடு இருக்கும்போது மூடி வைத்தால் ஆவி உள்ளேயே தங்கும். பாதியைப் பானி பூரிக்கு மசித்து உப்பு, மிளகாய்த்தூள், சீரகப் பொடி கலக்குங்கள். மீதியைப் பேல் பூரிக்குக் கடலை அளவுத் துண்டுகளாக நறுக்குங்கள்.

பச்சைச் சட்னியை 4 மணிக்கு முன் அரைக்க வேண்டாம். இரண்டு கட்டு கொத்தமல்லி, ஒரு கைப்பிடி புதினா, 6 பச்சை மிளகாய், ஒரு துண்டு இஞ்சி, இரண்டு மேசைக்கரண்டி பொட்டுக்கடலை, உப்பு, ஐஸ் தண்ணீர், இறுதியில் எலுமிச்சைச் சாறு. பொட்டுக்கடலை ருசிக்காகப் போடுவதல்ல. அது இல்லாவிட்டால் சட்னியிலிருந்து தண்ணீர் பிரிந்து நிற்கும், அந்தத் தண்ணீர்தான் பேல் பூரியை முதலில் நனைக்கும். எலுமிச்சை சேர்த்து நெடுநேரம் வைத்தால் பச்சை மங்கிப் பாசி நிறமாகும். நேரத்துக்கு அரைத்தால் அந்தக் கவலை இல்லை.

மாலை 5 மணிக்குப் பொரியும் பூரியும். கடையிலிருந்து வந்த பொரி எவ்வளவு புதிது என்றாலும் நம் காற்றுக்குக் கொஞ்சம் நமத்துத்தான் இருக்கும். அகன்ற இரும்புச் சட்டியில் சிறுதீயில் நான்கைந்து நிமிடம் எண்ணெயில்லாமல் புரட்டுங்கள். இரண்டு விரலுக்கு நடுவே ஒரு பொரியை வைத்து நசுக்கினால் சத்தம் கேட்டுத் தூளாக வேண்டும். சத்தமில்லாமல் அமுங்கினால் இன்னும் ஆகவில்லை. பூரியை 120 டிகிரி அவனில் ஐந்தாறு நிமிடம் வைத்தால் மொறுமொறுப்பு திரும்பிவிடும். இரண்டையும் முழுக்க ஆறவிட்டே டப்பாவில் போடுங்கள். வெதுவெதுப்போடு மூடினால் உள்ளே வியர்த்து, செய்த வேலையெல்லாம் பாழ்.

வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி நறுக்குவது 5:45-க்கு. தக்காளியில் விதையையும் சாற்றையும் எடுத்துவிட்டுச் சதையை மட்டும் நறுக்குங்கள். நறுக்கிய எதிலும் உப்பு போடாதீர்கள், பத்து நிமிடத்தில் தண்ணீர் விட்டுவிடும்.

மேசையை இடமிருந்து வலமாக, காய்ந்ததிலிருந்து ஈரமானதை நோக்கி அடுக்குங்கள். பூரி, பொரி, சேவ் மூடிய டப்பாக்களில், அடுத்து கிழங்கும் வெங்காயமும், அடுத்து சட்னிகள், கடைசியில் தயிரும் பானியும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கரண்டி இருக்கட்டும். சட்னிக் கரண்டி ஒரு முறை சேவில் போய் வந்தால் அந்த டப்பா முழுவதும் கட்டி பிடிக்கும்.

வருகிறவர்கள் ஒரே நேரத்தில் வருவதில்லை என்பதால் முதலில் பேல் பூரி. நான்கு பேருக்கு மேல் ஒரே தடவையில் கலக்காதீர்கள். கலவை எவ்வளவோ அதைப்போல் மூன்று மடங்கு பெரிய பாத்திரம் எடுங்கள், இடம் குறைந்தால் பொரி நசுங்கும். ஆறு கப் பொரி, நொறுக்கிய எட்டுப் பூரி, அரை கப் கிழங்கு, அரை கப் வெங்காயம், கால் கப் தக்காளி, ஒரு பிடி வறுத்த வேர்க்கடலை. இவற்றைச் சட்னி இல்லாமல் முதலில் புரட்டுங்கள். பிறகு நான்கு மேசைக்கரண்டி இனிப்புச் சட்னி, இரண்டு பச்சைச் சட்னி, ஒரு தேக்கரண்டி காரச் சட்னி. ஒரே இடத்தில் கொட்டாமல் சுற்றி விட்டு, அடியிலிருந்து மேலாக இருபது விநாடி புரட்டி உடனே தட்டில் போட்டுவிடுங்கள். சேவைக் கலவையோடு கலக்க வேண்டாம், தட்டில் போட்ட பிறகு மேலே தூவுங்கள். பாத்திரத்தின் அடியில் சட்னி தேங்கி நின்றால் அடுத்த கலவையில் ஒரு கரண்டி குறையுங்கள்.

குழந்தைகளுக்கும், பேச்சில் மூழ்கித் தட்டைக் கையிலேயே வைத்திருப்பவர்களுக்கும் சேலத்துத் தட்டுவடை செட் கொடுக்கலாம். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய கேரட், பீட்ரூட், வெங்காயம், அதே காரச் சட்னி, அதே பச்சைச் சட்னி. தட்டுவடை கெட்டியானது, பூரியைவிட நன்றாகவே தாங்கும். பீட்ரூட் துருவலைப் பிழிந்துவிட்டு வையுங்கள்.

எல்லோரும் வந்த பிறகு பானி பூரி. பரிமாறுகிறவரைச் சுற்றி ஆறு பேர் நிற்கட்டும். பழகிய கைக்கு ஒரு பூரி பத்து விநாடி, அப்படியென்றால் ஒவ்வொருவருக்கும் நிமிடத்துக்கு ஒன்று வரும். தின்று முடித்து மூச்சு வாங்க அது சரியான இடைவெளி. பன்னிரண்டு பேரும் ஒரேயடியாக நின்றால் இரண்டு நிமிடம் காத்திருக்க வேண்டும், ஆட்கள் கலைந்து போய்விடுவார்கள்.

பூரியைக் கையில் எடுத்ததும் இரண்டு பக்கமும் பாருங்கள். ஒரு பக்கம் மெல்லியதாக, லேசான நிறத்தில் உப்பியிருக்கும். மறுபக்கம் கெட்டியாக இருக்கும். மெல்லிய பக்கத்தில் கட்டைவிரலால் தட்டி ஓட்டை போட வேண்டும். கெட்டிப் பக்கம் அடியில் இருந்தால்தான் பானியின் கனத்தைத் தாங்கும். மாற்றி உடைத்தால் கையிலேயே ஒழுகும். பூரி சரியில்லை என்று நாம் திட்டுவதில் பாதி இந்தத் தவறுதான். ஓட்டை பட்டாணி அளவுக்குச் சற்றுப் பெரிதாக இருந்தால் போதும். ஒரு தேக்கரண்டி கிழங்கு அல்லது சூடான ரகடா, கால் தேக்கரண்டி இனிப்புச் சட்னி, முக்கால் பாகம் பானி, நேராக அவர் கையிலுள்ள கிண்ணத்துக்கு. சூடான ரகடாவும் ஜில்லென்ற பானியும் ஒரே வாயில் சேர்வது மும்பைப் பக்கத்து ருசி, கட்டாயம் செய்து பாருங்கள். அவசரமென்றால் கிழங்கை மட்டும் பத்து நிமிடம் முன்பே பூரிகளில் அடைத்து வைக்கலாம். ரகடாவை அப்படி வைக்க முடியாது, அடி ஊறிப்போகும்.

பானியில் பூரியைக் கையால் முக்கி எடுப்பது தெருவில் வழக்கம். வீட்டில் சிறு கரண்டியால் ஊற்றுங்கள். பூரி உடைக்கும் கை பாத்திரத்துக்குள் போகாமல் இருக்கும். மேசைக்கு ஒரு லிட்டர் பானி மட்டும் வரட்டும், மீதி ஃபிரிட்ஜிலேயே இருக்கட்டும்.

வயிறு காரத்தில் எரியும்போது தயிர் பூரி. ஆளுக்கு நான்கு, ஒரு முறைக்கு இரண்டு தட்டு. எட்டுப் பூரியையும் முதலில் உடைத்து அடுக்கி, வரிசையாகக் கிழங்கு, அரை தேக்கரண்டி இனிப்புச் சட்னி, கால் தேக்கரண்டி பச்சைச் சட்னி, ஒரு மேசைக்கரண்டி தயிர். ஒவ்வொரு பூரியையும் தனித்தனியாக முடிப்பதைவிட ஒரு பொருளை எட்டிலும் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவது வேகம். தயிர் ஓட்டையை மூடி வழிய வேண்டும். மேலே சீரகப் பொடி, மிளகாய்த்தூள், சேவ், கொத்தமல்லி.

மிஞ்சிய பானியும் வெளியே இருந்த தயிரும் கொட்ட வேண்டியவை. கிழங்கும் ரகடாவும் அறைச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கிடந்திருந்தால் அவையும் அப்படியே. குக்கரிலேயே சூடாக இருந்த ரகடாவை உடனே ஆற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் மறுநாள் காலை நன்றாகக் கொதிக்கவைத்து, பச்சை வெங்காயமும் மீந்த சேவும் தூவிச் சாப்பிடலாம். இனிப்புச் சட்னி காய்ந்த கண்ணாடிப் பாட்டிலில், ஈரக் கரண்டி படாமல் இருந்தால் ஃபிரிட்ஜில் இரண்டு வாரம் நிற்கும்.